சமையல் குறிப்பை மொழிபெயர்க்கும்போது எழும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சமையல் குறிப்புகளைக் கொண்டுவருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களில் பெரும்பாலானவை கேக், பிஸ்கட் மாதிரியான மாவுப் பண்டங்களைப் பற்றியவை. அடுப்பில் இருக்கும் பண்டத்தை ருசி பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். ஓவனுக்குள் போய்விட்ட மாவை யாராலும் திருத்த முடியாது. மொழிபெயர்ப்பில் விழுந்த ஓட்டை அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

குறிப்பு கையில் கிடைத்ததும் முதல் வரியிலிருந்தே மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடலாமா?

வேண்டாம். முதலில் அது எந்த நாட்டு ஆங்கிலம் என்று பாருங்கள். ஃபாரன்ஹீட், கப், 'ஸ்டிக்' கணக்கில் வெண்ணெய், 'ஆல் பர்பஸ்' மாவு என்று வந்தால் அமெரிக்கா. கிராம், 'கேஸ் மார்க்', 'காஸ்டர் சுகர்', 'பிளெய்ன்' மாவு என்று வந்தால் பிரிட்டன். இதை முடிவு செய்யாமல் அகராதியைத் திறந்தால் பாதிச் சொற்கள் தப்பாகத்தான் விழும். காரணம், ஒரே சொல் இரண்டு நாட்டிலும் வெவ்வேறு பொருளைக் குறிக்கிறது.

அமெரிக்கக் குறிப்பில் 'கொரியாண்டர்' என்றால் பெரும்பாலும் மல்லி விதை அல்லது அதன் தூள். இலையை அவர்கள் 'சிலான்ட்ரோ' என்பார்கள். பிரிட்டன் குறிப்பில் 'ஃப்ரெஷ் கொரியாண்டர்' என்றால் மல்லித்தழை. 'க்ரில்' என்பது அமெரிக்காவில் கீழிருந்து வரும் அனலில் சுடுவது, பிரிட்டனில் மேலிருந்து இறங்கும் அனலில் சுடுவது. பிரிட்டனின் க்ரில்லுக்கு அமெரிக்காவில் 'ப்ராயில்' என்று பெயர். 'பைன்ட்' அமெரிக்காவில் 473 மி.லி., பிரிட்டனில் 568 மி.லி. நாடு தெரிந்துவிட்டால் இவை எல்லாமே ஒரே நேரத்தில் தெளிவாகிவிடும்.

ஒரு கப் என்பது 200 மி.லி.யா, 240ஆ, 250ஆ? எதைப் போடுவது?

எல்லாமே உண்டு. அமெரிக்கக் கப் கிட்டத்தட்ட 237 மி.லி.; வசதிக்காக 240 என்று எழுதுவார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, அரிசி அளக்கும் கப் மட்டும் 180. மேசைக்கரண்டியும் இப்படித்தான்: மற்ற இடங்களில் பெரும்பாலும் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் ஒன்றுதான் எல்லா இடத்திலும் 5 மி.லி.யாக நிற்கிறது.

ஆனால் கப்பின் கொள்ளளவைவிடப் பெரிய தலைவலி, அதற்குள் எவ்வளவு மாவு போகிறது என்பது. பையில் கப்பை விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, 150 கிராம்கூட ஏறிவிடும். கரண்டியால் பொலபொலவென்று போட்டு, கத்தி முதுகால் மேலே வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம்தான். இரண்டு கப் மாவு கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் 50 கிராம் வரை போகும். அவ்வளவு கூடிவிட்டால் கேக் உதிரும், தொண்டையை அடைக்கும், மேலே கூம்பாக எழும்பி வெடிக்கும். செய்தவர் தன் ஓவனைத்தான் திட்டுவார்.

அதனால் மொழிபெயர்ப்பில் கப் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மைதா 1 கப் 125 கிராம், சர்க்கரை 1 கப் 200 கிராம், வெண்ணெய் 1 கப் 227 கிராம் என்று எடை போட்டு, பக்கத்தில் கப்பையும் சொல்லுங்கள். மூல நூலின் முன்பக்கங்களில் 'எங்கள் கப்புக்கு இத்தனை கிராம்' என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அந்த எண்தான் செல்லும், என்னுடையது இல்லை.

வெண்ணெயில் வரும் 'ஸ்டிக்' பலரைக் குழப்பும். அது குச்சியும் இல்லை, துண்டும் இல்லை. அமெரிக்காவில் வெண்ணெய் அரை கப் அளவுக் கட்டிகளாக வருகிறது. ஒரு கட்டி 113 கிராம். தமிழில் 113 கிராம் என்று எழுதினால் போதும், ஸ்டிக்கைப் பற்றி வாசகருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

அவுன்ஸ், பவுண்டை கிராமாக்கினால் 28.35, 453.6 என்று வருகிறது. இப்படியே எழுதலாமா?

யாரும் 28.35 கிராம் நிறுக்கப் போவதில்லை. முழு எண்ணாக்குங்கள், ஆனால் குறிப்பு முழுக்க ஒரே விகிதத்தில் ஆக்குங்கள். அவுன்ஸை 28 என்று எடுத்தால் எல்லாவற்றுக்கும் 28. மாவுக்கு 25, வெண்ணெய்க்கு 30 என்று கைக்கு வந்தபடி மாற்றினால், எட்டு அவுன்ஸ் மாவு 200 கிராமும் எட்டு அவுன்ஸ் வெண்ணெய் 240 கிராமும் ஆகிவிடும். சரிபாதியாக இருக்க வேண்டியது எண்ணெய் வழியும் பண்டமாக வந்து நிற்கும். சமையல் சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட் இவற்றை மட்டும் முழு எண்ணாக்காமல் டீஸ்பூனிலேயே விடுங்கள்.

"ஒன் கப் ரைஸ், குக்ட்" என்றும் "ஒன் கப் குக்ட் ரைஸ்" என்றும் வருகிறது. இரண்டுக்கும் வேகவைத்த அரிசி 1 கப் என்றுதானே எழுதணும்?

இல்லை, இது நல்ல பொறி. ஆங்கிலக் குறிப்புகளில் கால்புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் அளக்க வேண்டும். பின்னால் வருவது அளந்த பிறகு செய்யும் வேலை. முதல் வரிக்கு, ஒரு கப் அரிசியை அளந்து அப்புறம் வேகவைக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு, வெந்த சோற்றிலிருந்து ஒரு கப் எடுக்க வேண்டும். ஒரு கப் அரிசி ஏறக்குறைய மூன்று கப் சோறாகும். எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்று நீங்களே பாருங்கள்.

தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். வேகவைத்த அரிசி, நறுக்கிய வால்நட், சலித்த மாவு என்று எழுதிப் பழகிய கை, இரண்டு வரியையும் ஒன்றாக்கிவிடும். அதனால் கால்புள்ளியைத் தனி வாக்கியமாக உடைத்துவிடுங்கள்: 'அரிசி 1 கப். அளந்தபின் வேகவைத்துக்கொள்ளவும்.' மற்றதற்கு: 'சோறு 1 கப்.' வால்நட்டில் வித்தியாசம் குறைவு; முழுப் பருப்பாக அளந்தால் ஒரு கப் 100 கிராம், நறுக்கி அளந்தால் அதைவிட ஒரு கைப்பிடி கூட வரும். கீரை மாதிரி வெந்தால் சுருங்கும் பொருளில் இந்தத் தவறு கிடுகிடுவென்று பெரிதாகும்.

கார்ன் ஃபிளாரைச் சோள மாவு என்று எழுதுகிறேன். சரிதானே?

எனக்குப் பிடிக்காத சொல் இது. 'சோள மாவு' என்று படிக்கும் மூன்று பேர் மூன்று பொருளை எடுத்து வருவார்கள். முதலாமவர் சோளத்தை அரைத்த மாவை எடுப்பார். இரண்டாமவர் மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவை எடுப்பார். மூன்றாமவர் மக்காச்சோளத்தின் ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்த வெள்ளைவெளேர் பவுடரை எடுப்பார். மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு.

ஆங்கிலத்திலேயே குழப்பம் இருக்கிறது. பிரிட்டன் குறிப்பில் 'கார்ன்ஃபிளார்' என்றால் அந்த வெள்ளை ஸ்டார்ச். அமெரிக்கர்கள் அதையே 'கார்ன்ஸ்டார்ச்' என்பார்கள். அவர்களுடைய 'கார்ன் ஃபிளார்' மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவு. சரி, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அளவையும் வேலையையும் பாருங்கள். ஒன்றிரண்டு கரண்டி, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் குழம்பிலோ பாலிலோ ஊற்றிக் கெட்டியாக்கச் சொன்னால் ஸ்டார்ச். கப் கணக்கில் எடுத்து, முட்டையோ பாலோ சேர்த்துப் பிசையச் சொன்னால் மாவு. தமிழில் முதலாவதைக் 'கார்ன்ஃபிளார் (வெள்ளை ஸ்டார்ச்)' என்றும், இரண்டாவதை 'மக்காச்சோள மாவு' என்றும் எழுதுங்கள். வெறும் சோளம் என்ற சொல்லைச் சோளத்துக்கே விட்டுவிடுங்கள்.

மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஸ்டார்ச் இருக்க வேண்டிய சாஸில் மக்காச்சோள மாவைப் போட்டால், பளபளவென்று கண்ணாடி மாதிரி வர வேண்டிய சாஸ் நொறநொறவென்று கஞ்சியாக நிற்கும். மாவு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ச் போட்டால் கட்டுப்படாமல் உதிரும்.

இதே வகையில் இன்னும் இரண்டு. 'கிளவ்' என்றால் கிராம்பு என்று அகராதி சொல்லும், ஆனால் பூண்டோடு சேர்ந்து வந்தால் அது பல். 'நான்கு கிராம்பு பூண்டு' என்று அச்சில் வந்த குறிப்புகள் உண்டு. அதை நம்பி நான்கு கிராம்பையும் போட்டவர் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 'பெப்பர்' என்பது மிளகா, குடைமிளகாயா, பச்சைமிளகாயா என்பதைப் பக்கத்தில் இருக்கும் வினைதான் சொல்லும். பொடித்தால் மிளகு, விதையை நீக்கி நறுக்கினால் மற்ற இரண்டில் ஒன்று.

பட்டர்மில்க்குக்கு மோர் என்று தமிழில் அழகான சொல் இருக்கிறதே. அப்புறம் என்ன பிரச்சினை?

சொல் இருப்பதுதான் பிரச்சினை. மோர் என்றால் தண்ணீர் நிறையச் சேர்த்துக் கடைந்தது என்றே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். அமெரிக்கா, பிரிட்டன் கடைகளில் பட்டர்மில்க் என்ற பெயரில் வருவதோ, பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த, கெட்டியான, நல்ல புளிப்புள்ள பொருள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மெதுவாக வழியும்.

கேக்கில் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, மாவை இளக்குவது. இரண்டாவது, அதன் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பி மாவை உப்பவைப்பது. ஒரு கப் பட்டர்மில்க்குக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது வழக்கமான கணக்கு. அதற்குப் பதில் நீர்த்த மோரை ஊற்றினால் மாவு ஓடும். புளிப்பு போதாததால் சோடா முழுதும் வேலை செய்யாமல் தங்கிவிடும். கேக் தட்டையாக, மேலே வேண்டாத அளவு கருத்து, வாயில் ஒரு சோப்பு வாடையோடு வரும். அந்த வாடை வந்தால் சோடாவுக்கு ஈடான புளிப்பு இல்லை என்று அர்த்தம்.

மாற்றுப் பொருள் எழுதும்போது அந்த இரண்டு வேலையையும் செய்யும் ஒன்றைக் கொடுங்கள். முக்கால் கப் கெட்டித் தயிரைக் கால் கப் தண்ணீர் விட்டு நன்றாக அடித்தால் ஒரு கப் பட்டர்மில்க்குக்கு ஈடாகும். தயிர் முதல்நாள் உறைந்து புளித்ததாக இருந்தால் நல்லது. இன்னொரு வழி, ஒரு கப் பாலிலிருந்து ஒரு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அதே அளவு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைப்பது. லேசாகத் திரிந்தது போல் ஆகும், அது சரிதான். இரண்டில் நான் தயிரைத்தான் போடுவேன். கெட்டித்தன்மை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

க்ரீமுக்கும் இதே பரிசோதனை. காய்ச்சிய பாலில் படியும் ஏடு வேறு, பிரித்தெடுத்த க்ரீம் வேறு. அமெரிக்காவின் 'ஹெவி க்ரீமில்' குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு, பிரிட்டனின் 'டபுள் க்ரீமில்' 48, 'சிங்கிள் க்ரீமில்' 18. அடித்தால் நுரைத்து நிற்க வேண்டும் என்று குறிப்பு சொன்னால் பாலேடும் உதவாது, சிங்கிள் க்ரீமும் உதவாது. அந்த இடத்தில் பெயரோடு கொழுப்பின் சதவீதத்தையும் எழுதிவிட்டால் வாசகர் டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்கிக்கொள்வார்.

கிடைக்காத பொருளின் பெயரை ஒலிபெயர்ப்பதா, மாற்றுப் பொருளைப் போடுவதா?

கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாரோ அந்தப் பெயர் முதலில் வரட்டும். மாற்று இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரட்டும், ருசி எப்படி மாறும் என்ற ஒரு சொல்லோடு. மூலப் பெயரைத் தூக்கிவிட்டு மாற்றை மட்டும் எழுதுவது மொழிபெயர்ப்பில் சேராது. நீங்கள் புதிதாக ஒரு பண்டம் செய்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

'சாட்டே', 'ஸ்வெட்', 'ஃப்ரை' எல்லாவற்றுக்கும் வதக்கு என்றே வருகிறது. 'ஃபோல்டு'க்குச் சொல்லே இல்லை. வினைச்சொற்களை எப்படிச் சமாளிப்பது?

ஒவ்வொரு சமையல் வினைக்குள்ளும் மூன்று செய்தி இருக்கிறது: சூடு எதன் வழியாக வருகிறது, கை என்ன செய்கிறது, எப்போது நிறுத்துவது. தமிழ் வினை இதில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பாருங்கள். விட்டதை மட்டும் சேர்த்து எழுதினால் போதும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. சில இடங்களில் தமிழ்தான் கூர்மை. ஆங்கிலத்தின் 'ஃப்ரை' ஒரு மந்தமான சொல். எண்ணெயில் மூழ்கினால் பொரி, உலர்ந்த பொருள் வெறும் சட்டியிலோ துளி எண்ணெயிலோ புரண்டால் வறு, ஈரமுள்ள பொருள் கொஞ்சம் எண்ணெயில் துவண்டால் வதக்கு. மூலத்தில் எண்ணெய் எவ்வளவு, பொருள் ஈரமா உலர்வா என்று பார்த்து நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ரிட்யூஸ்' என்று வந்தால் 'குறைக்கவும்' என்று எழுதிவிடாதீர்கள், சுண்டவைக்கவும் என்ற சொல் தயாராக இருக்கிறது. வெண்ணெயை மாவில் 'ரப் இன்' செய்யச் சொன்னால், தேய்க்கவும் என்று எழுதத் தேவையில்லை, விரல்நுனியால் பிசறவும். பிசைவதற்கும் பிசறுவதற்கும் உள்ள வித்தியாசம் வாசகருக்கு உடனே புரியும். சர்க்கரைப் பாகில் 'சாஃப்ட் பால்' என்பது உருட்டுப் பதம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் சேர்த்தால் மெத்தென்று உருளும். வெப்பமானியில் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ்.

இனித் தகராறு உள்ளவை. 'ஸ்வெட்' என்றாலும் 'சாட்டே' என்றாலும் வதக்குவதுதான், வித்தியாசம் நிறுத்தும் அடையாளத்தில் இருக்கிறது. முதலாவதற்கு: 'சிறுதீயில், நிறம் மாறாமல், வெங்காயம் கண்ணாடி போல் ஆகும் வரை வதக்கவும்.' இரண்டாவதற்கு: 'தீயைக் கூட்டி, கைவிடாமல் புரட்டிக்கொண்டே, ஓரங்கள் சிவக்கும் வரை வதக்கவும்.' அடையாளத்தை எழுதாமல் விட்டால் வெள்ளையாக இருக்க வேண்டிய சூப் பழுப்பாக வரும்.

'சிம்மர்' என்பதை 'கொதிக்க விடவும்' என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அது தளதளவென்று கொதிப்பது இல்லை. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்துவந்து உடையும் நிலை, சுமார் 85 முதல் 95 டிகிரி. 'போச்' என்றால் அதற்கும் கீழே, தண்ணீர் நடுங்கும், குமிழி வராது. முட்டை மஞ்சள்கரு சேர்ந்த பாலில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. அது 80 டிகிரி பக்கத்தில் கெட்டியாகத் தொடங்கும், 85ஐத் தாண்டினால் திரிந்துவிடும். 'கொதிக்க விடவும்' என்று படித்தவர் கையில் மிஞ்சுவது இனிப்பான பொடிமாஸ்தான்.

'ஃபோல்டு'க்குக் கிளறு, கலக்கு இரண்டுமே ஆகாது. கிளறினால் உள்ளே அடித்து ஏற்றிய காற்று போய்விடும், மாவில் இழுவை கூடிவிடும். இங்கே அசைவையே எழுத வேண்டும்: 'தட்டையான கரண்டியை நடுவில் நேராக இறக்கி, அடியோடு வழித்து மேலே கொண்டுவந்து கவிழ்க்கவும். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பவும். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் நிறுத்தவும்.' நீளம்தான். குறிப்பில் முதல் தடவை மட்டும் இப்படி எழுதிவிட்டு, அடுத்த தடவையிலிருந்து 'மேற்சொன்னபடி மடித்துச் சேர்க்கவும்' என்றால் போதும். விளக்கம் இல்லாமல் வெறும் 'மடிக்கவும்' என்று விட்டால், துணியை மடிக்கிற மாதிரி ஏதோ என்று வாசகர் விழிப்பார்.

'ரூம் டெம்பரேச்சர்' என்பதை அறை வெப்பநிலை என்று எழுதினால் போதாதா?

சொல் சரி, ஆனால் எழுதியவரின் அறை 20 டிகிரி பக்கம். படிப்பவரின் அறை 32 டிகிரி என்றால் வெண்ணெய் உருகி ஓடும், அதில் காற்று ஏறாது. 'விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று வழியக் கூடாது' என்று எழுதுங்கள். எந்த ஊர் அறைக்கும் அது பொருந்தும்.

ஒரு குறிப்பை எடுத்து முழுசாகச் செய்து காட்ட முடியுமா?

சரி. இந்த வேலைக்காக நானே அமெரிக்க பாணியில் எழுதிக்கொண்ட ஒரு சாதாரண கேக் இது. மூலத்தின் சாரம்:

'ஆல் பர்பஸ் ஃபிளார் இரண்டு கப். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். பேக்கிங் சோடா அரை டீஸ்பூன். கோஷர் சால்ட் ஒரு டீஸ்பூன். அன்சால்டட் பட்டர் ஒரு ஸ்டிக், ரூம் டெம்பரேச்சர். சுகர் ஒரு கப். லார்ஜ் எக்ஸ் இரண்டு. பட்டர்மில்க் ஒரு கப். பட்டரையும் சுகரையும் க்ரீம். எக்ஸ் ஒவ்வொன்றாக பீட். ட்ரை இன்கிரீடியன்ட்ஸும் பட்டர்மில்க்கும் மாற்றி மாற்றி ஃபோல்ட். ஒன்பது இன்ச் பேனில் 350 டிகிரியில் 35 நிமிடம் பேக்.'

ஒவ்வொரு சொல்லாக வருவோம். மாவு எளிது, மைதா 250 கிராம். இதைக் கோதுமை மாவு என்று எழுதினால் தவிட்டோடு அரைத்த மாவைப் போட்டுவிடுவார்கள். அது கூடுதலாக ஈரம் குடிக்கும், கேக் கனமாகும். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் ஒன்றாக நினைத்து ஒன்றை விட்டுவிடக்கூடாது. சோடா ஏறக்குறைய மூன்று மடங்கு வீரியம் உள்ளது.

உப்பில் ஒரு சிறு கண்ணி. கோஷர் உப்பு பெரிய பரல், டீஸ்பூனில் இடைவெளி விட்டு உட்காரும். பிராண்டைப் பொறுத்து ஒரு டீஸ்பூன் 3 முதல் 5 கிராம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். அப்படியே மாற்றினால் கேக் கரிக்கும், அதனால் அரை டீஸ்பூன். அமெரிக்காவின் 'லார்ஜ்' முட்டை ஓடு நீக்கி 50 கிராம் இருக்கும். சின்ன முட்டை வாங்குபவருக்கு இந்த எண் உதவும். 350 என்பது ஃபாரன்ஹீட், செல்சியஸில் 177. ஓவனில் 175 அல்லது 180 வைக்கலாம். காற்றை விசிறும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைக்க வேண்டும். ஒன்பது இன்ச் என்பது விட்டம், 23 செ.மீ.

'க்ரீம்' இங்கே வினை. ஏட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் எழுதும் தமிழ் இப்படி வரும்:

தேவை:
மைதா – 250 கிராம் (அமுக்காமல் நிரப்பி வழித்த 2 கப்)
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
சமையல் சோடா – ½ டீஸ்பூன்
தூள் உப்பு – ½ டீஸ்பூன்
உப்பில்லாத வெண்ணெய் – 113 கிராம், அழுத்தினால் விரல் பதியும் பதத்தில்
சர்க்கரை – 200 கிராம் (1 கப்)
முட்டை – 2 (ஓடு நீக்கி மொத்தம் சுமார் 100 கிராம்)
பட்டர்மில்க் – 240 மி.லி. (அல்லது கெட்டிப் புளித்த தயிர் 180 மி.லி. + தண்ணீர் 60 மி.லி., அடித்தது)

செய்முறை: ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கவும். 23 செ.மீ. வட்டத் தட்டில் வெண்ணெய் தடவி மாவு தூவிக்கொள்ளவும். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்துச் சலிக்கவும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்துப் பஞ்சு போல் ஆகும் வரை அடிக்கவும். மின்கலக்கியில் 4, 5 நிமிடம் ஆகும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுதும் கலந்த பிறகே அடுத்ததை விட்டு அடிக்கவும். மாவில் மூன்றில் ஒரு பங்கு, பட்டர்மில்க்கில் பாதி, மறுபடி மாவு, மீதி பட்டர்மில்க், மீதி மாவு என்ற வரிசையில் சேர்க்கவும். ஒவ்வொரு தடவையும் கரண்டியை நடுவில் இறக்கி, அடியோடு வழித்து மேலே கவிழ்த்துக் கலக்கவும். உலர்ந்த மாவு கண்ணில் படாவிட்டால் போதும், அதற்கு மேல் கலக்க வேண்டாம். தட்டில் ஊற்றிச் சுமார் 35 நிமிடம் வேகவிடவும். 30 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கவும். நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது.

மூலத்தில் இல்லாத சொற்கள் இதில் நிறைய இருப்பதைக் கவனியுங்கள். எதுவும் புதிதாகப் புகுத்தியது இல்லை. ஆங்கில வாசகருக்கு 'க்ரீம்', 'ஃபோல்ட்' என்ற ஒரே சொல்லில் கிடைத்துவிடும் செய்தி அது. 'மாற்றி மாற்றி' என்பதை மட்டும் மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு பட்டர்மில்க் என்று பிரித்து எழுதியிருக்கிறேன். மாவில் தொடங்கி மாவில் முடிப்பது அந்த வேலையின் வழக்கம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆழாக்கு, படி இதையெல்லாம் என்ன செய்வது?

எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற விகிதம் நிலையானது, ஆனால் படியே இடத்துக்கு இடம் மாறியது. அதனால் பழைய குறிப்பில் மி.லி. போடும் முன்னால், எல்லாப் பொருளும் அதே அளவையில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஆழாக்கில் இருந்தால் ஆழாக்கு என்ற இடத்தில் கப் என்று எழுதிவிடலாம், விகிதம் கெடாது. முட்டை இரண்டு, தேங்காய் ஒன்று என்று எண்ணிக்கையோ, பலம் கணக்கில் எடையோ கலந்து வந்தால் அந்தத் தந்திரம் செல்லாது. அப்போது ஒரு அளவை நிர்ணயித்துச் செய்துபார்த்துத்தான் எழுத முடியும்.

மொழிபெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் பிரதியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் கை நிற்கும் இடத்தையும், திரும்பி உங்களைப் பார்க்கும் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு வினைச்சொல்லில்தான் இருக்கும். நிறுத்தும் அடையாளம் விட்டுப்போயிருக்கும்.

செய்துபார்க்க வழியில்லை என்றால், குறைந்தபட்சம் மூன்றைச் சரிபாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் செய்முறையில் எங்காவது வருகிறதா? மாவின் எடைக்கு ஈரப்பொருளின் எடை நம்பும்படி இருக்கிறதா? மேலே உள்ள கேக்கில் 250 கிராம் மாவுக்கு முட்டையும் பட்டர்மில்க்கும் சேர்ந்து 340 கிராம். இதில் 240 மி.லி. என்பது 24 என்று அச்சாகியிருந்தால் கூட்டிப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். கடைசியாக, சோடா எங்கே வந்தாலும் பட்டியலில் புளிப்பான பொருள் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், மூலத்தில் அது பேக்கிங் பவுடராக இருந்திருக்கலாம். இருந்த புளிப்புப் பொருளை நீங்கள் வேறு எதுவாகவோ மாற்றியும் எழுதியிருக்கலாம். மூலத்தைத் திரும்ப எடுத்து அந்த வரியை மறுபடி படியுங்கள்.